ஆடியில் ஆறு நிறையும், வானம் காய்ந்திருக்கும்

கேள்வி: காவிரி டெல்டாவில் நடக்கும் கதை ஒன்று எழுதுகிறேன். மழை என்றால் "கொட்டியது", பனி என்றால் "போர்த்தியது", வெயில் என்றால் "கொளுத்தியது" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. சூழலை உணரும்படி எழுதுவது எப்படி?

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, பள்ளி விடுமுறைக்குப் போய்வந்த தாத்தா ஊரை எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தவறே கிடையாது. டெல்டாவில் பிறந்தவர்கள்தான் டெல்டாவை எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது படித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். "கொட்டியது" நல்ல சொல்தான். உங்கள் மழைக்கு மாதமும் திசையும் நேரமும் இல்லாததுதான் குறை. இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் சொற்களில் பாதி தாமாக வந்து விழும்.

இதில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழுக்குக் கதை அனுப்பினேன். ஆடிப்பெருக்கு நாளில் நடக்கும் கதை. ஆறு கரை தொட்டு ஓடுகிறது; பெண்கள் படித்துறையில் மஞ்சள் சரடு மாற்றிக்கொள்கிறார்கள்; வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மேல்காற்று புழுதியை வாரி இறைக்கிறது, வரப்பில் புல் காய்ந்து கிடக்கிறது. அந்த நேரத்தில், நாயகியின் அண்ணன் வெளியூரில் வாங்கிய கடனைக் கேட்டு ஓர் ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இதழில் வந்தபோது முதல் வரி "கொட்டும் மழையில் காவிரி பொங்கி ஓடியது" என்று மாறியிருந்தது. ஆறு நிறைந்தால் மழை பெய்திருக்க வேண்டும் என்று உதவி ஆசிரியர் தாமே முடிவு செய்துவிட்டார். தொலைபேசியில் கேட்டேன். "வாசகருக்குக் குழப்பமாக இருக்கும் சார்" என்றார்.

என் கதையே அந்தக் குழப்பத்தில்தான் நின்றது. ஆடியில் எங்கள் ஆறு நிறைவதற்கு எங்கள் வானம் காரணம் அல்ல. குடகு மலையிலும் கர்நாடகத்திலும் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது, மேட்டூர் நிறைகிறது, அணையைத் திறக்கிறார்கள், கல்லணையில் பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். கடைமடைக்கு அந்த நீர் வந்து சேரப் பல நாட்கள் பிடிக்கும். எங்கோ பெய்த மழை, இங்கே காய்ந்த வெயிலில், செந்நிறத்தில், நுரையும் செத்தையும் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருகிறது. எங்கோ வாங்கிய கடனும் அப்படித்தான் வருகிறது. அந்த ஒரு மழை வரியைச் சேர்த்ததும் இந்த இணைப்பு அறுந்துவிட்டது. இன்றைக்கும் அந்த இதழை நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். மழைக்காலம் என்று எழுதினால் டெல்டாவில் அது ஐப்பசி, கார்த்திகை. அதாவது வடகிழக்குப் பருவமழை. ஆனி, ஆடி, ஆவணியிலும் இங்கே மழை உண்டு. ஆனால் அது பகல் முழுக்கக் காய்ந்த பிறகு, மாலையிலோ இரவின் முதல் பாதியிலோ, மேற்கில் இருந்து இடியோடு எழுந்து வந்து, ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி மழை கடலில் இருந்து வருவது. கீழ்வானம் கறுக்கும். பருவம் நன்றாகப் பிடித்த பிறகு, கடலோர ஊர்களில் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியற்காலையில் வலுக்கும். ஐப்பசித் தொடக்கத்தில் இடி பலமாக இருக்கும். கார்த்திகை கடந்தால் இடி குறைந்து, வெறும் மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும். மார்கழி மழைக்கு வானம் பிளக்கும் இடியை எழுதினீர்கள் என்றால், எங்கள் ஊர்க்காரர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடைக் கிராமம். ஐப்பசிக் கடைசி. சம்பா நட்டுச் சில வாரங்களே ஆன இளம்பயிர். வடிகாலைப் பார்க்கப் போன கணவன் இரவு முழுக்கத் திரும்பவில்லை. மனைவி வீட்டில் காத்திருக்கிறாள். அச்சம் தெரிய வேண்டும். பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்: "சோவென்று பேய்மழை கொட்டியது. மின்னல் கண்ணைப் பறித்தது. அவள் நெஞ்சு படபடத்தது." இந்த மழை யாரையும் பயமுறுத்தாது. இரைந்து வரும் மழை சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பது விவசாயி வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். அவளைப் பயமுறுத்துவது அடைமழை: ஓசை கூடாமல், குறையாமல், மணிக்கணக்கில் ஒரே அளவாகப் பெய்வது.

நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"விளக்கு வைக்கும் நேரத்தில் காற்று கீழ்ப்பக்கம் திரும்பியது. முன்னிரவில் விழுந்த தூறலை யாரும் பொருட்படுத்தவில்லை. நடுச்சாமத்துக்கு மேல் பிடித்த மழை கூடவும் இல்லை, விடவும் இல்லை. அவள் படுக்காமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் கேட்டுக்கொண்டிருந்த தவளைச் சத்தம் இப்போது வாசல் பக்கத்திலும் கேட்டது."

இதில் "பயம்" என்ற சொல் எங்கும் வரவில்லை. கொல்லையில் இருந்த தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்பதைத் தவளை சொல்லிவிடுகிறது. மழை என்பதைத் தவிர, அதற்கு நான் கொடுத்த பெயர்ச்சொல் தூறல் ஒன்றுதான். மற்றதெல்லாம் காற்றும் நேரமும்.

இதற்குப் பிறகு வரும் பகுதிதான் டெல்டாவுக்கே உரியது, அதை யாரும் எழுதுவதில்லை. மழை நிற்கட்டும். விடிந்து வெளிச்சம் வந்த பிறகும் வாய்க்காலில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். கடைமடை வடிகால்கள் கடலில் போய் முடிகின்றன. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியேறாமல் தேங்கி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது அதிகம். கீழ்காற்றும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் சிறியதுதான், ஆனால் நிலம் அந்த அளவுக்குத் தட்டை. மேலே இருந்து வரும் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, வடிவதற்கு வழி இல்லாமல் பயிரின் நுனி மூழ்கும். நுனி மூழ்கிச் சில நாட்கள் நின்றால் பயிர் அழுகிவிடும். ஆகவே உங்கள் காட்சியின் உச்சத்தை மழை நின்ற பிறகு வையுங்கள். வானம் வெளுத்திருக்கும், காக்கை கத்தும், படித்துறையில் இன்னொரு படி மறைந்திருக்கும். என் பெரியம்மா மழை நின்ற காலையில் முதலில் கேட்கும் கேள்வி, "இன்றைக்கு என்ன திதி?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியை உங்கள் பாத்திரத்தின் வாயில் வைத்தால், அரைப் பக்க வருணனை மிச்சம்.

புயலையும் மழையையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது எங்களை அழித்தது காற்று. முதலில் வடக்கில் இருந்து அடித்தது. கண் கடந்த ஊர்களில் கொஞ்ச நேரம் காற்றே இல்லை. ஓய்ந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் உண்டு. பிறகு தெற்கில் இருந்து திரும்பி அடித்தது. அசைத்து வைத்த தென்னையை இரண்டாவது காற்று சாய்த்தது. அந்த இடைவேளை அமைதியை எழுதத் தெரிந்தால் போதும், "ஊழிக்காற்று" தேவைப்படாது.

பனிக்கு ஒரே விதிதான், அதையும் மீறுகிறார்கள். மூடுபனி விழ வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது, நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும். மேகம் மூடிய இரவிலும், வாடை வீசும் இரவிலும் அது கட்டாது. அதனால்தான் மழை விட்டு ஓய்ந்த மார்கழிக் கடைசியிலும் தையிலும் வருகிறது. சூரியன் ஏறினால் எட்டு, ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். மழை தூறிக்கொண்டிருக்கும்போதே வயலைப் பனி மூடியதாக எழுதினால் இரண்டும் பொய்யாகும். தென்னங்கீற்றில் இருந்து சொட்டும் ஓசை, வயலில் அதுவரை கண்ணில் படாத சிலந்தி வலைகள் எல்லாம் வெள்ளையாகத் தெரிவது, எதிரில் வருபவர் யார் என்று இருமலை வைத்துத்தான் அறிய முடிவது - இவை போதும்.

அந்தப் பனியில் அழகு மட்டும் பார்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அது சம்பா அறுவடைக் காலம். கதிர் நனைந்திருப்பதால் பனி காயும் வரை அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்க முடியாது; வாடகை பேசிவிட்டுக் கரையில் நின்று காத்திருக்க வேண்டும். அறுத்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான விதி. சில ஆண்டுகளில் தளர்த்துவார்கள். அதற்குள் நெல் முளைத்திருக்கும். எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் சாலையோரம் குவித்த நெல்லுக்கு இரவில் தார்ப்பாய் போட்டு, பகலில் விரித்து, மறுபடி குவித்து நாட்கள் கழிந்தன. எடைபோட எங்கள் முறை வரும் முன் சாக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் பேசுகிறேன் என்று தோன்றலாம். பனியை எழுதும் ஒருவர் அந்தக் குவியலையும் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோடைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உளுந்து, பயறு எடுத்து முடிந்த வயல் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். ராமநாதபுரம் பக்கத்து கீதாரிகள் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். உச்சி வெயிலுக்கு "நிழல் காலடியில் சுருண்டது" என்று எழுதுவீர்கள். எங்கள் ஊர்களுக்கு அது சித்திரை முதல் வாரத்தில் சரி. அப்போது சூரியன் தலைக்கு நேரே வரும். மே மாதக் கத்திரியில் அது தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். நடுப்பகல் நிழல் தெற்கே சாயும், ஆண்டின் பெரும்பகுதி நிழலாக இருக்கும் வடக்கு வாசல் திண்ணையில் வெயில் விழும். "வடக்குத் திண்ணையில் வெயில் ஏறியது" என்ற வரி "அனல் கக்கியது" என்பதைவிட எனக்குச் சுடுகிறது. இன்னொன்று, வேதாரண்யத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்து ஆற்றிவிடும். தஞ்சாவூருக்கு அது வந்து சேர மாலையாகும். ஆகவே பிற்பகல் மூன்று மணிப் புழுக்கம் தஞ்சாவூர்க் கதைக்குத்தான் பொருந்தும்.

"சென்னை வாசகருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது" என்று சிலர் கேட்பார்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை; தவளையும் திண்ணையும் அவருக்கும் புரியும். உங்கள் கதை எந்த ஊரில், எந்தத் தமிழ் மாதத்தில் நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். அப்போது காற்று எந்தப் பக்கம், வயலில் என்ன பயிர், வாய்க்காலில் தண்ணீர் உண்டா என்பதைச் சொல்கிறேன்.