மாதவிடாய் நின்றதற்கு நீர்க்கட்டிதான் காரணமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று ஆணுறை பயன்படுத்துகிறோம். 28, 30 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்த மாதவிடாய் நான்கு மாதங்களாக வரவில்லை. வீட்டில் இரண்டு முறை சோதித்தேன், கர்ப்பம் இல்லை. புது வேலையில் இரவுப் பணி. ஜிம்மில் சேர்ந்து, சோற்றை நிறுத்தி, ஆறு மாதத்தில் 61 கிலோவிலிருந்து 49 கிலோவுக்கு வந்திருக்கிறேன்; உயரம் 163 செ.மீ. முடி கொட்டுவதற்கும் அசிடிட்டிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா, "தைராய்டாக இருக்கும்" என்கிறார். ஜிம் பயிற்சியாளர், இன்னும் எடை குறைந்தால் நீர்க்கட்டி கரைந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கோவை

பதில்: பயிற்சியாளரின் யோசனையை இன்றே கைவிடுங்கள். அம்மாவின் சந்தேகம் நியாயமானது. அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை விடை சொல்லிவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது நீர்க்கட்டியும் அல்ல, தைராய்டும் அல்ல. ஆறு மாதத்தில் குறைந்த அந்தப் பன்னிரண்டு கிலோதான்.

மாதவிடாய் கர்ப்பப்பையின் வேலை என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கட்டளை பிறப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸில். அங்கிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்புபோல ஒரு ஹார்மோன் வெளிப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பிச் சினைப்பையை வேலை வாங்குகிறது; சினைப்பை தரும் ஈஸ்ட்ரோஜனில்தான் கர்ப்பப்பையின் உட்சுவர் வளர்கிறது. வரவைவிடச் செலவு மிகுந்துவிட்டது என்று உடல் உணரும்போது இந்தத் துடிப்பின் வேகம் தளர்ந்துவிடுகிறது. கொழுப்புச் செல்களில் சுரக்கும் லெப்டின், சாப்பாடு குறைந்த சில நாட்களிலேயே இறங்கி மூளைக்குச் செய்தி சொல்லிவிடும். தூக்கக் கேடும் மன அழுத்தமும் உயர்த்தும் கார்ட்டிசோல் அதே திசையில் இன்னும் அழுத்தும். பஞ்ச காலத்தில் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது இப்படித்தான். பசியோடு பிள்ளையைச் சுமக்க வேண்டாம் என்று உடல் எடுக்கும் முடிவு அது. பஞ்சத்துக்கும் டயட்டுக்கும் உள்ள வேறுபாடு ஹைப்போதலாமஸுக்குத் தெரியாது.

உங்கள் உயரத்துக்கு 61 கிலோ மிகச் சரியான எடை. இப்போதைய 49 கிலோ, ஆரோக்கியமான எடை என்று கருதப்படும் எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே. எல்லைக்கு உள்ளேயே இருப்பவர்களுக்கும் எடை வேகமாகக் குறைந்தால் மாதவிடாய் நிற்கக்கூடும் என்பதால், நான் எண்ணைவிட அது இறங்கிய வேகத்தையே பார்ப்பேன்.

இனி அந்த ஸ்கேன் தாள். "நீர்க்கட்டி" என்ற சொல் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஏற்படுத்தியிருக்கும் கலக்கம் கொஞ்சநஞ்சமல்ல. அவை கட்டிகளே அல்ல. பத்து மில்லிமீட்டருக்கும் குறைவான, சினைமுட்டைகள் வளரும் சிறு பைகள். இளம் பெண்களின் சினைப்பையில் இவை நிறையத் தெரிவது இயல்பு. மூளையின் கட்டளை தளர்ந்தவர்களுக்கும், முதிர வழியின்றிப் பாதியில் நிற்கும் பைகள் ஸ்கேனில் அப்படியே தோன்றலாம். நீர்க்கட்டி நோய் எனப்படும் பிசிஓஎஸ் என்று சொல்ல வேண்டுமானால் மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதோடு மற்ற காரணங்கள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பலர் மறந்துவிடுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். பிசிஓஎஸ் பெரும்பாலும் வயதுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே தலைகாட்டிவிடும். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வந்துவிட்டு, எடை குறைந்தவுடன் 27 வயதில் நிற்பது அதன் குணமல்ல. முகத்தில், தாடையில் கரடுமுரடான முடியோ விடாத பருக்களோ உங்களுக்கு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அதே ஸ்கேன் தாளில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. நான்கு மாதம் மாதவிடாய் இல்லாத நிலையில் அது மூன்று, நான்கு என்று மெல்லியதாக இருந்தால், ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று பொருள். பிசிஓஎஸ்ஸில் ஈஸ்ட்ரோஜன் இருந்துகொண்டே இருப்பதால் உட்சுவர் பொதுவாகத் தடித்துக் காணப்படும்.

தைராய்டைப் பொறுத்தவரை, அது குறைவாகச் சுரந்தால் எடை ஏறும், மலச்சிக்கல் வரும், குளிர் தாங்காது. மாதவிடாய் நிற்பதைவிட அதிகமாகப் போவதையே நான் அடிக்கடி பார்க்கிறேன். மிகுதியாகச் சுரந்தால் நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மாதவிடாய் சிறுத்து நிற்கவும் கூடும். உங்களுக்கு எடை குறைந்ததன் காரணம் தெரிந்ததுதான், ஆனாலும் டி.எஸ்.எச். பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

அந்தப் பரிசோதனைக்குப் போகுமுன் நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரை அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். முடிக்கான மாத்திரையில் பெரும்பாலும் பயோட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். சில ஆய்வகங்களின் முறையில் இந்தப் பயோட்டின் குறுக்கிட்டு, டி.எஸ்.எச். குறைந்தும் தைராக்சின் கூடியும் இருப்பதாகப் பொய்யான முடிவைத் தந்துவிடும். இளைத்துப்போன ஒரு பெண்ணின் கையில் அப்படி ஒரு தாள் இருந்தால், தைராய்டு மிகுதி என்று யாரும் நம்பிவிடுவார்கள். ஆகவே இரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாட்கள் முன்பே அதை நிறுத்துங்கள். (எடை சட்டெனக் குறைந்த இரண்டு மூன்று மாதங்களில் முடி கொட்டுவதும் வழக்கமே, அதற்கு மருந்து சாப்பாடுதான்.)

அசிடிட்டிக்கான மாத்திரை இன்னும் முக்கியமானது. நம் ஊரில் மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பல கேப்சூல்களில் பேன்டோப்ரசோலுடன் டாம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. டாம்பெரிடோன் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனை ஏற்றும். அது ஏறினால் ஹைப்போதலாமஸின் துடிப்பு அடங்கி மாதவிடாயும் நின்றுவிடும். அட்டையில் அந்தப் பெயர் இருந்தால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்திய பிறகே புரோலாக்டின் பாருங்கள். இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேரே ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். பதற்றத்திலும் புரோலாக்டின் சற்று ஏறும். சற்றே கூடியிருந்தால் இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

ஆக, பரிசோதனைகள் இவைதாம்: முதலில் இரத்தத்தில் கர்ப்பப் பரிசோதனை ஒருமுறை, பிறகு டி.எஸ்.எச்., புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான ஈஸ்ட்ராடியால். நான் ஊகிப்பது சரியென்றால் தைராய்டும் புரோலாக்டினும் இயல்பாக இருக்கும், எல்.எச். தாழ்ந்திருக்கும், எஃப்.எஸ்.எச். தாழ்ந்தோ இயல்பாகவோ இருக்கும், ஈஸ்ட்ராடியால் 50 பிகோகிராமுக்குக் கீழே இருக்கும். சுரப்பிகள் கெடவில்லை, மேலிருந்து கட்டளைதான் வரவில்லை என்று அந்தத் தாள் சொல்லும். மாறாக, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் போயிருந்தால் கதை வேறு. சினைப்பையே சீக்கிரம் ஓய்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

ஒரு பொறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதவிடாயை "வரவழைக்க" ஐந்து முதல் பத்து நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுப்பது வழக்கம். நிறுத்திய ஒரு வாரத்தில் உதிரம் படும். உட்சுவர் ஏற்கெனவே வளர்ந்திருந்தது, வழியில் அடைப்பில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது. சினைமுட்டை வெளிவந்ததாகப் பொருளில்லை. என்னிடம் வந்த ஒரு பெண் இப்படி மூன்று முறை மாத்திரை சாப்பிட்டிருந்தார். முதல் முறை நன்றாகவே வந்தது, இரண்டாம் முறை துணியில் கறை பட்டதோடு சரி, மூன்றாம் முறை ஒன்றுமே இல்லை. மாத்திரை வலுவிழக்கவில்லை, அந்த மாதங்களில் அவர் இன்னும் இளைத்து, உட்சுவர் வளர ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் போயிருந்தது. கருத்தடை மாத்திரையும் மாதாமாதம் உதிரப்போக்கைத் தந்து இந்த நிலையைத் திரைபோட்டு மறைத்துவிடும்.

உங்கள் நிலைக்குச் சிகிச்சை, குறைத்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது. பெரும்பாலோருக்கு, மாதவிடாய் நின்றபோது இருந்த எடையைவிட ஓரிரு கிலோ கூடுதலாகும்போது அது திரும்பக் காண்கிறோம். ஜிம்மில் எடை குறித்து வைத்திருப்பீர்கள். கடைசி மாதவிடாய் முடிந்து அடுத்தது வராமற்போன சமயத்தில் 56 கிலோ இருந்திருந்தால், 58-ஐ இலக்காக வையுங்கள். நாளுக்கு 300 முதல் 500 கலோரி கூட்டினால் போதும். ஒரு கப் சோறு ஏறத்தாழ 200 கலோரி. ஆகவே நிறுத்திய சோற்றைப் பணிக்குக் கிளம்புமுன் ஒரு கப்பும், வீடு திரும்பியதும் ஒரு கப்பும் சாப்பிடுவதே கணக்கை முடித்துவிடும். எள்ளுருண்டை சாப்பிட்டால் மாதவிடாய் வரும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். எள் சூடு என்பதால் அல்ல, அதில் கலோரியும் கால்சியமும் இருப்பதால் நானும் அதை ஆதரிக்கிறேன். ஓட்டத்தையும் வேகமான பயிற்சிகளையும் சில மாதங்கள் பாதியாகக் குறையுங்கள். பகலில் சன்னல்களை நன்றாக மூடி ஏழு மணி நேரம் தூங்குங்கள். சாப்பிட்டால் குற்ற உணர்வு வருகிறது, தராசில் முள் ஏறினால் பயமாயிருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, மனநல ஆலோசகரின் உதவியும் பெறுங்கள்.

எடை திரும்பிய வாரமே மாதவிடாய் வந்துவிடாது. மூன்று, ஆறு மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகும். மாதவிடாய் இல்லாத காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் எலும்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு தேய்வது வலிக்காது, வெளியே தெரியாது. மார்பில் பால் போன்ற கசிவு, விடாத தலைவலி, பக்கப் பார்வை மங்கல், உடம்பெல்லாம் திடீரென அனல் பரவுவது ஆகிய எது இருந்தாலும் எடை ஏறட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

மாதவிடாய்தான் வரவில்லையே என்று ஆணுறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உடல் தேறும்போது சினைமுட்டை முதலில் வெளிவரும்; அது கருவாகாதபோதுதான் இரண்டு வாரம் கழித்து மாதவிடாய் வரும்.