எகேகெர்தையில் நிற்கும் எ யாருடையது?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பிறகு புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தை நானாகவே படித்து வருகிறேன். வினையின் முன்னால் எ வந்தால் இறந்தகாலம், முதலெழுத்து இரண்டு முறை வந்தால் பெர்ஃபெக்ட், அதாவது 'செய்திருக்கிறேன்' போன்ற வடிவம், என்று பாடத்தில் இருந்தது. 1 கொரிந்தியர் 15:4-இல் எதஃபே, எகேகெர்தை என்று இரண்டு வினைகள். இரண்டுமே எ-யில்தான் தொடங்குகின்றன. இரண்டையும் இறந்தகாலம் என்று குறித்தேன். விடைப்பகுதியில் இரண்டாவது பெர்ஃபெக்ட் என்று போட்டிருக்கிறது. எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

எகேகெர்தையின் முதல் எ அந்த வினைக்கே சொந்தமான எழுத்து. அகராதியில் அந்த வினை எகெய்ரோ, அதாவது 'எழுப்புகிறேன்'. நிகழ்காலத்திலேயே அந்த எ இருக்கிறது. எதஃபேயில் இருப்பது அப்படியல்ல. அதன் அகராதி வடிவம் தப்தோ, 'அடக்கம் செய்கிறேன்'. அங்கே எ கிடையாது. இறந்தகாலத்துக்காக வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அது. இலக்கணப் புத்தகங்கள் ஆக்மென்ட் என்று சொல்வது இதைத்தான். அதனால் முன்னால் எ-யைக் கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த எ யாருடையது?' என்பதுதான்.

சரி, ஏற்கெனவே எ-யில் தொடங்கும் வினை இறந்தகாலத்துக்குப் போனால் என்ன ஆகும்? இன்னொரு எ வந்து முன்னால் நிற்காது. இருக்கிற உயிர் நெடிலாகிவிடும். எ ஏ ஆகும், ஒ ஓ ஆகும், அ-வும் ஏ ஆகும். (எகோ, 'வைத்திருக்கிறேன்' போன்ற சில வினைகளில் மட்டும் எ, எய் என்று ஆகிறது.) இந்த இடத்தில் தமிழ் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஏப்சிலனும் ஏட்டாவும் நமக்கு எ, ஏ. ஓமிக்ரானும் ஓமேகாவும் ஒ, ஓ. குறில் நெடிலைப் பிரித்துக் கேட்கும் காது நமக்குச் சின்ன வயதிலேயே வாய்த்துவிடுகிறது.

இப்போது அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்துக்குப் போய்ப் பாருங்கள். 'கிறிஸ்துவை எழுப்பினார்' என்ற இடத்தில் ஏகெய்ரென் என்று இருக்கும். எகெய்ரோவின் இறந்தகாலம் அது. எ, ஏ ஆகிவிட்டது. நான்காம் வசனத்தில் நிற்பதும் இறந்தகாலம் என்றால் அதுவும் ஏ-யில்தான் தொடங்கியிருக்க வேண்டும். அங்கே குறில் எ நிற்பதே அது சாதாரண இறந்தகாலம் இல்லை என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் இரட்டிப்பு எங்கே? இரட்டிப்பு என்றதும் நம் இலக்கணத்தில் ஒற்று இரட்டிப்பதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வினையின் முதல் மெய்யெழுத்தை எ சேர்த்து இன்னொரு முறை சொல்கிறார்கள். க்ரஃபோ, 'எழுதுகிறேன்'. கெக்ரஃப, 'எழுதியிருக்கிறேன்'. யோவான் 19:22-இல் பிலாத்து 'ஹொ கெக்ரஃப, கெக்ரஃப' என்று சொல்வது இந்த வடிவம்தான். எகெய்ரோ உயிரில் தொடங்குவதால் முதல் மெய்யை மட்டும் எடுத்துச் சொல்ல வழியில்லை. அதனால் 'எக்' என்ற துண்டையே மறுபடி சொல்லி, உள்ளே இருக்கும் உயிரை நெடிலாக்குகிறார்கள். எக் + ஏகெர் + தை. சேர்த்துச் சொன்னால் எகேகெர்தை. இரண்டு காமாவும் அடுத்தடுத்து வருவதை உரக்கப் படித்தால் காதே கண்டுபிடித்துவிடும். உயிரில் தொடங்கும் வினைகளில் சிலவற்றுக்குத்தான் இந்த வகை இரட்டிப்பு உண்டு. அந்தச் சிலவற்றைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது.

சந்தேகம் இன்னும் இருந்தால் சொல்லின் வாலைப் பாருங்கள். ஆக்மென்ட் வாங்கிய வினை தை என்ற விகுதியோடு முடியாது. அந்த இடத்தில் தொ வரும். தை என்பது நிகழ்காலமும் பெர்ஃபெக்டும் பகிர்ந்துகொள்ளும் விகுதி. முன்னால் எ, பின்னால் தை என்று ஒரு சொல் வந்தால் அந்த எ ஆக்மென்டாக இருக்க முடியாது.

அந்த வாக்கியம் முழுவதையும் இப்படியே படித்துப் பார்க்கலாம். மூன்றாம் வசனத்தில் அபெதனென், 'மரித்தார்'. இது அபொத்னேஸ்கோ என்ற வினை. அபொ என்ற முன்சொல்லுக்கும் வேருக்கும் நடுவில் எ நுழைந்திருக்கிறது, அது வந்ததும் அபொவின் ஒ விழுந்துவிட்டது. சொல்லின் முதலெழுத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். அடுத்து எதஃபே, அது முடிந்தது. எகேகெர்தையும் முடிந்தது. ஐந்தாம் வசனத்தில் ஓஃப்தே, 'காணப்பட்டார்'. ஒப் என்ற வேரின் ஒ, ஓ ஆகியிருக்கிறது. ஆக நான்கு வினைகளில் மூன்று இறந்தகாலம், நடுவில் ஒன்று மட்டும் பெர்ஃபெக்ட். மரித்தார், அடக்கம் செய்யப்பட்டார், எழுப்பப்பட்டிருக்கிறார், காணப்பட்டார். நமது பழைய மொழிபெயர்ப்பில் 'மரித்து', 'அடக்கம்பண்ணப்பட்டு', 'உயிர்த்தெழுந்து' என்று வினையெச்சங்களாகக் கோத்திருப்பதால் இந்த வேறுபாடு தமிழில் தெரியாமல் போகிறது. கிரேக்கத்தில் பவுல் இதே எகேகெர்தையை அந்த அதிகாரத்தில் ஏழு முறை சொல்கிறார். நடந்து முடிந்த நிகழ்ச்சியை விட அதனால் இன்றும் நிலைத்திருக்கும் நிலையை இந்த வடிவம் முன்னால் வைக்கிறது. நம் 'இருக்கிறார்' செய்யும் வேலை அது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் இடம் ஒன்று உண்டு. யவீருவின் மகள் இறந்த செய்தியை மாற்கு 5:35 அபெதனென் என்று சொல்கிறது, லூக்கா 8:49 தெத்னேகென் என்று சொல்கிறது. வினை ஒன்றுதான். முதலாவது 'இறந்துபோனாள்', இரண்டாவது 'இறந்து கிடக்கிறாள்' என்பதற்குப் பக்கம். தெத்னேகென்னில் ஒரு நுட்பமும் இருக்கிறது. வேரின் முதலெழுத்து தீட்டா, ஆனால் இரட்டிக்கும்போது முன்னால் வருவது டௌ. மூச்சோடு ஒலிக்கும் எழுத்து இரண்டு முறை வராமல், முன்னது மூச்சை விட்டுவிடுகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் த-தான், கிரேக்க எழுத்தில் பார்த்தால் தெரியும்.

முன்பக்கம் கைவிடும் இடங்களும் உண்டு. கினோஸ்கோ, 'அறிகிறேன்' என்பதன் பெர்ஃபெக்ட் எக்னோக. அதன் வேர் 'க்னோ'. க்ரஃபோ போலக் கூட்டெழுத்தில் தொடங்கும் வினைகள் இரட்டித்தாலும் 'க்ன' என்ற கூட்டு இரட்டிப்பதில்லை, அதனால் வெறும் எ-யோடு நின்றுவிட்டது. பார்க்க ஆக்மென்ட் போலவே இருக்கும். கடைசியில் வரும் க-வை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த க-வையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எதோக, 'கொடுத்தேன்' என்பது க-வில் முடிந்தாலும் இறந்தகாலம்தான். 'கொடுத்திருக்கிறேன்' என்பதற்குத் தெதோக. இப்படி வரும் இறந்தகால வினைகள் மிகச் சில, ஆனால் அடிக்கடி கண்ணில் படுபவை.

இன்னொன்றையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஆக்மென்ட் முற்றுவினையில் மட்டும்தான் வரும். எச்சத்திலோ வினையாலணையும் பெயரிலோ வராது. இரட்டிப்பு எல்லா இடத்துக்கும் கூடவே போகும். இதற்கு வேறெங்கும் தேட வேண்டாம், அதே அதிகாரம் போதும். கொய்மவோ, 'தூங்குகிறேன்', இறந்தவர்களைக் குறிக்க அங்கே வரும் வினை. ஆறாம் வசனத்தில் எகொய்மேதேசன், 'நித்திரையடைந்தார்கள்'. முற்றுவினை, அதனால் எ இருக்கிறது. 18-ஆம் வசனத்தில் கொய்மேதெந்தெஸ், 'நித்திரையடைந்தவர்கள்'. இறந்தகாலம்தான், ஆனால் எ போய்விட்டது. 20-ஆம் வசனத்தில் கெகொய்மேமெனோன், 'நித்திரையடைந்திருப்பவர்களின்'. முற்றுவினை இல்லை, இருந்தும் கெ அப்படியே நிற்கிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, வேரை மட்டும் அடிக்கோடிட்டு வையுங்கள்.