பட்டறைகளில் காற்றுக் கசிவை அடைத்துக் கொடுப்பது ஒரு தொழிலாகுமா? கேள்வி பதில்

ஓசூர், எலக்ட்ரீசியன்: அண்ணா, வயரிங் வேலை செய்கிறேன். கரண்ட் மிச்சம் பிடிக்கிற மாதிரி சொந்தமாக ஏதாவது ஆரம்பிக்க ஆசை. சோலார் ஏஜென்சி எடுக்கும் அளவுக்கு முதல் இல்லை. வேறு என்ன வழி?

தம்பி, உங்கள் ஊரிலேயே வேலை கிடக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரு ஏர் கம்பிரசர் இருக்கும். எண்ணெய் ஒழுகினால் தரையில் தெரியும், உடனே ஆளைக் கூப்பிடுவார்கள். காற்று ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் காதிலும் விழாது. கம்பிரசர் மட்டும் அடிக்கடி ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

கசிவை அளந்து, அடைத்து, மறுபடி அளந்து காட்டுவதுதான் நான் சொல்லும் தொழில். ஒரு கிளாம்ப் மீட்டர், சோப்புத் தண்ணீர் பாட்டில், டெஃப்லான் டேப், ஹோஸ் கிளிப், புஷ் ஃபிட்டிங், கொஞ்சம் பி.யூ. ட்யூப் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஒன்று மட்டும்: விசிட்டிங் கார்டில் ‘எனர்ஜி ஆடிட்டர்’ என்று போடாதீர்கள். அதற்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு தேர்வு வைத்துச் சான்று தருகிறது. ‘ஏர் லைன் சர்வீஸ்’ என்றே போடுங்கள்.

கிருஷ்ணகிரி, ஐ.டி.ஐ. மாணவர்: சார், எவ்வளவு கசிகிறது என்று எப்படி அளப்பது? காற்றை அளக்கும் மீட்டர் விலை அதிகம் ஆச்சே?

மீட்டரே வேண்டாம், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் எல்லா மெஷினையும் ஏர் கன்னையும் நிறுத்திவிடுங்கள். லைனுக்குப் போகும் வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். கம்பிரசர் பிரஷர் ஏற்றி தானாக நிற்கும். யாரும் காற்று எடுக்காதபோதும் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தால், அந்த ஓட்டம் முழுக்க கசிவுக்காகத்தான். எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று நாலைந்து சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். ஓடிய நேரத்தை, ஓடியதும் நின்றதும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு கிடைக்கும்.

சிட்கோ பகுதியில் நான் பார்த்த ஒரு லேத் பட்டறையைச் சொல்கிறேன். 5 எச்.பி. கம்பிரசர், 6 கிலோ பிரஷரில் ஓட ஆரம்பித்து 8 கிலோவில் நிற்கிற மாதிரி வைத்திருந்தார்கள். ஒன்றரை நிமிடம் ஓடியது, நாலரை நிமிடம் நின்றது. ஆறில் ஒன்றரை என்றால் கால் பங்கு. கம்பிரசர் அடிக்கக்கூடிய காற்றில் கால்வாசி வீணாகப் போயிருக்கிறது.

சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்ததில் பெரிய ஓட்டை என்று எதுவுமே இல்லை. ஏர் கன் மாட்டும் கப்ளரில் தேய்ந்த வாஷர், வெட்டுப்பட்ட ஒரு ட்யூப் முனை, கட்டுக் கம்பியால் முறுக்கியிருந்த ஒரு ஹோஸ், முழுசாக மூடாத டிரெயின் வால்வு. நாலும் சேர்ந்து கால் பங்கைத் தின்றிருக்கின்றன. சரிசெய்த பிறகு ஒரு நிமிடம் 12 விநாடி ஓடி, கிட்டத்தட்ட 19 நிமிடம் நின்றது. கசிவு 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதற்குக் கீழே கொண்டுபோக அங்கே நான் முயலவில்லை, பழைய ஜி.ஐ. பைப் லைன் அது.

ஓடும்போது மோட்டார் சுமார் 4.2 கிலோவாட் இழுக்கிறது. மிச்சமான 19 சதவீதம் மணிக்கு 0.8 யூனிட். பத்து மணி நேர வேலை, மாதம் 25 நாள் என்றால் 200 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,600 ரூபாய்.

பர்கூர், பட்டறை உரிமையாளர்: நல்ல யோசனைதான். ஆனால் கணக்கெல்லாம் எதற்கு? போன மாத ஈ.பி. பில், இந்த மாத பில் ரெண்டையும் வைத்துப் பார்த்து, குறைந்ததில் பாதி உனக்கு என்று பேசிவிட்டால் முடிந்தது.

மிச்சமானதில் பங்கு என்பது சரியான எண்ணம்தான் ஐயா, பில்லை வைத்து அளப்பதில்தான் சிக்கல். ஆர்டர் குறைந்த மாதம் பில் தானாகக் குறையும், சர்வீஸ் செய்தவருக்குச் சும்மா பணம் போகும். ஆர்டர் கூடினால் கசிவை அடைத்தும் பில் ஏறும், செய்த வேலைக்குக் கூலி வராது. ரெண்டில் எது நடந்தாலும் உறவு கெடும். அதனால் முன்னும் பின்னும் எடுத்த ஓட்ட நேரத்தையே அளவாக வைத்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கசிவு திரும்ப வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாஷர் தேயும், ட்யூப் வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதாக ஆண்டு ஒப்பந்தம் போட்டால் தொழில் நிலைத்து நிற்கும். எவ்வளவு கேட்கலாம் என்பதில் எனக்கே இன்னும் ஒரே முடிவு இல்லை. பத்து பட்டறை அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் கேட்கிற தொகை, ஒரே ஒரு பட்டறைக்காக பர்கூர் வரை வண்டியில் வருகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

அரூர், பஞ்சர் கடை: என் கம்பிரசரிலும் உஸ் என்று சத்தம் வருகிறது. ஆளைக் கூப்பிட்டுச் சர்வீஸ் செய்தால் பில் குறையுமா?

உங்கள் கம்பிரசர் ஒரு நாளில் ஓடுவதே கொஞ்ச நேரம்தான் அண்ணே. ஆளுக்குக் கொடுக்கிற காசு திரும்பி வராது. சோப்புத் தண்ணீர் தொட்டு நீங்களே பாருங்கள், ராத்திரி டேங்க் வால்வை மூடிவிட்டுப் போங்கள். ஆனால் சத்தம் சேஃப்டி வால்விலிருந்து வந்தால் அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். டேங்க் வெடிக்காமல் காப்பது அதுதான். புதிதாக மாற்றுங்கள். எந்த ஃபிட்டிங்கைக் கழற்றுவதாக இருந்தாலும் மெயினை நிறுத்தி, டேங்க் காற்று முழுவதையும் இறக்கிய பிறகே கை வையுங்கள்.

காவேரிப்பட்டணம், இல்லத்தரசி: பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கி விற்கலாமா என்று பார்க்கிறேன்.

வேண்டாம் அம்மா. அந்த மாதிரிப் பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு சின்ன கெபாசிட்டரும் விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் எண்ணுகிற யூனிட்டை அது குறைக்காது. பட்டறை மோட்டாருக்குச் சரியான அளவில் கெபாசிட்டர் போடுவது வேறு விஷயம், அங்கே பவர் ஃபேக்டர் அபராதம் பில்லில் வந்தால் அது உதவும்.

வீடுகளுக்கு விற்பதென்றால் பி.எல்.டி.சி. மின்விசிறி நேர்மையான பொருள். பழையது 75 வாட் இழுத்தால் இது 30 வாட் அளவில் ஓடும். ஆனால் யாருக்கு விற்கிறீர்கள் என்று பாருங்கள். நம் மாநிலத்தில் ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீட்டுக்கு இலவசம். 90 யூனிட் ஓடுகிற வீட்டில் விசிறி மாற்றினால் மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை. 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீட்டில்தான் பலன் அதிகம், ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஈ.பி. கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

ஓசூர், எலக்ட்ரீசியன் மறுபடி: அண்ணா, ஒரு முதலாளி ‘அதெல்லாம் வேண்டாம், கூரையில் சோலார் போட்டால் சரியாகிவிடும், மானியம் வேறு இருக்கிறது’ என்கிறார். என்ன சொல்வது?

பி.எம். சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான். 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் கிடைக்கும், பட்டறைக் கூரைக்கு அது வராது என்று சொல்லுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நாலு யூனிட் அளவில் தரும். மேலே சொன்ன லேத் பட்டறையில் கசிவை அடைத்ததில் மிச்சமானது வேலை நாளுக்கு எட்டு யூனிட். அதை அடைக்காமல் சோலார் போட்டிருந்தால், ரெண்டு கிலோவாட் பேனல் அந்த ஓட்டைகளுக்காகவே உழைத்திருக்கும். சோலார் போடட்டும், முதலில் கசிவை அடைத்து, பிறகு வருகிற பில்லைப் பார்த்து அளவு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

போகும்போது பிரஷர் சுவிட்சையும் பாருங்கள். 6 கிலோ போதுமான வேலைக்கு 8, 9 என்று ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு கிலோ இறக்கினாலே கம்பிரசர் இழுக்கும் கரண்டில் 6, 7 சதவீதம் குறையும். ஒரேயடியாக இறக்காமல் கால் கிலோவாகக் குறைத்து, கடைசி மெஷினின் சக் சரியாகப் பிடிக்கிறதா என்று ஆபரேட்டரைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.