சுவை மதிப்பெண்ணுக்கு ஒரே ஆட்ஸ் விகிதம் போதுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்காக, கையால் பறித்த கொழுந்தில் செய்த தேநீரையும் கத்தரியால் வெட்டிய இலையில் செய்த தேநீரையும் 240 பேருக்கு, ஆளுக்கு ஒரு கோப்பை மட்டும் கொடுத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கினேன். எண்ணிக்கைகளை இணைத்துள்ளேன். R-இன் `ordinal` தொகுப்பில் உள்ள `clm` ஓட்டியதில் கெழு 0.63, திட்டப்பிழை 0.23. `nominal_test` கொடுத்த p மதிப்பு 0.21. அப்படியானால் புரப்போர்ஷனல் ஆட்ஸ் அனுமானம் சரி என்றும், கையால் பறித்தது 1.9 மடங்கு சிறந்தது என்றும் அறிக்கையில் எழுதலாமா? — முதுகலை மாணவி, உதகை

பதில்: இரண்டையும் அப்படியே எழுத வேண்டாம். மாடலை ஓட்டியதில் தவறு இல்லை. அதிலிருந்து எடுத்துச் சொல்லும் வாக்கியங்களில்தான் திருத்தம் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய எண்ணிக்கைகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்.

| மதிப்பெண் | 1 | 2 | 3 | 4 | 5 | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| கத்தரி | 12 | 24 | 36 | 30 | 18 | 120 |
| கைப்பறிப்பு | 4 | 12 | 38 | 46 | 20 | 120 |

ஐந்து படிகள் உள்ள மதிப்பெண்ணை நான்கு இடங்களில் வெட்டலாம்: 2-உம் அதற்கு மேலும், 3-உம் அதற்கு மேலும், 4-உம் அதற்கு மேலும், 5 மட்டும். ஒவ்வொரு வெட்டிலும் மேலே இருப்பவர்களைக் கீழே இருப்பவர்களால் வகுத்தால் கிடைப்பது ஆட்ஸ். உதாரணமாக 4-உம் அதற்கு மேலும் என்ற வெட்டில், கத்தரிக்கு 48 பேர் மேலே, 72 பேர் கீழே, ஆட்ஸ் 0.67. கைப்பறிப்புக்கு 66 பேர் மேலே, 54 பேர் கீழே, ஆட்ஸ் 1.22. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.83, அதுவே அந்த வெட்டின் ஆட்ஸ் விகிதம். ஆனால் அதே வெட்டில் ஆட்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாகத்தான் உயர்ந்திருக்கிறது. அது ஏறக்குறைய 1.4 மடங்கு. ஆகவே உங்கள் கெழு 0.63-ஐ `exp`-இல் இட்டுக் கிடைக்கும் 1.9 என்பது ஆட்ஸின் மடங்கே தவிர, சுவையின் மடங்கும் அல்ல, நல்ல மதிப்பெண் தந்தவர்களின் மடங்கும் அல்ல. விவசாயிகள் குழுவின் கூட்டத்தில் '1.9 மடங்கு' என்று வாசித்தால் அங்கிருப்போர் அதை விலையின் மடங்காகவே கேட்பார்கள் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

1980-இல் பீட்டர் மெக்கல்லா எழுதிய கட்டுரையால் பரவலான இந்த மாடல், நான்கு வெட்டுகளிலும் உண்மையான ஆட்ஸ் விகிதம் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு, நான்குக்கும் பொதுவான ஒரே எண்ணைத் தருகிறது. அதுதான் புரப்போர்ஷனல் ஆட்ஸ் அனுமானம். அதைச் சரிபார்க்க எந்தச் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது, நான்கு வெட்டுகளுக்கும் தனித்தனியாகச் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஓட்டி, கிடைக்கும் நான்கு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே.

```r
d$leaf <- factor(d$leaf, levels = c("shear", "hand"))
for (k in 2:5) {
  g <- glm((rating >= k) ~ leaf, binomial, data = d)
  print(exp(coef(g)["leafhand"]))
}
```

உங்கள் தரவில் இவை கீழிருந்து மேலாக 3.2, 2.8, 1.8, 1.1 என்று வருகின்றன. நான்கும் சற்று மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். இவையோ படிக்கட்டு போல ஒரே திசையில் இறங்குகின்றன. கைப்பறிப்பு மோசமான மதிப்பெண்ணைப் பெரிதும் குறைக்கிறது, ஆனால் 'மிக நன்று' என்று சொல்பவர்களை ஏறக்குறைய அதிகரிக்கவே இல்லை என்று இந்த இறக்கம் சொல்கிறது. தேயிலையைப் பொறுத்தவரை இது நம்பத்தகாததும் அல்ல. கத்தரி வெட்டில் முற்றிய இலையும் தண்டும் கலப்பதால் வரும் கரடுமுரடான சுவையைக் கைப்பறிப்பு நீக்கிவிடும். ஆனால் ஒரு தேநீரை மிகச் சிறந்ததாக்கும் மணத்துக்குப் பருவமும் ஆலையில் செய்யும் பக்குவமும் வேண்டும். இந்த விளக்கம் என் ஊகம்தான், உங்கள் தரவு அதை நிரூபிக்கவில்லை.

இப்போது அந்த 0.21-க்கு வருவோம். `nominal_test` ஒரே ஆட்ஸ் விகிதம் உள்ள மாடலையும், வெட்டுக்கு வெட்டு வேறுபட அனுமதிக்கும் மாடலையும் ஒப்பிடுகிறது. உங்கள் தரவில் அந்த வேறுபாட்டின் கை-வர்க்க மதிப்பு ஏறக்குறைய 4.6, கட்டின்மைப் படிகள் 3. இதே விகிதாச்சாரம் கொஞ்சமும் மாறாமல், ஆட்கள் மட்டும் நான்கு மடங்காகி 960 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பும் நான்கு மடங்காகி 18.3 ஆகும், p மதிப்பு 0.001-க்குக் கீழே போய்விடும். 3.2, 2.8, 1.8, 1.1 என்ற நான்கு எண்களோ அப்படியே இருக்கும். அதாவது p மதிப்பு பெரும்பாலும் உங்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையே சொல்கிறது; அனுமானம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதை அதிலிருந்து படிக்க முடியாது. இதே அனுமானத்தைச் சோதிக்கும், 1990-இல் வந்த பிராண்ட் சோதனைக்கும் இதே குறை உண்டு; கீழ்ப்படியில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் அது இன்னும் நம்பகம் குறையும்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். படிக்கட்டு இறங்குகிறது என்பதும் உங்கள் தரவில் உறுதியாகவில்லை. முதல் வெட்டின் 3.2-க்கு 95 சதவீத நம்பக இடைவெளி 1.0 முதல் 10.3 வரை நீள்கிறது, ஏனெனில் கைப்பறிப்பில் 1 மதிப்பெண் தந்தவர்கள் நான்கே பேர். கடைசி வெட்டின் 1.1-க்கு அந்த இடைவெளி 0.6 முதல் 2.3 வரை. நான்கு இடைவெளிகளுமே பொதுவான 1.9-ஐத் தம்முள் கொண்டிருக்கின்றன. ஆகவே 'அனுமானம் நிறைவேறியது' என்றும் எழுத முடியாது, 'அனுமானம் உடைந்தது' என்றும் எழுத முடியாது. எண்களைக் காட்டி, வாசிப்பவர் கையில் கொடுப்பதே சரி.

பிசகு இருந்தால் அது உங்கள் முடிவை எவ்வளவு பாதிக்கும் என்பதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. `clm` தந்த மாடலை `m` என்று வைத்து, அது கணிக்கும் சதவீதங்களை `predict` மூலம் எடுத்து, நேரில் எண்ணியதோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

```r
nd <- data.frame(leaf = factor(c("shear", "hand"),
                 levels = c("shear", "hand")))
predict(m, nd, type = "prob")
```

1 அல்லது 2 தந்தவர்கள் கத்தரிக்கு 27 சதவீதம், கைப்பறிப்புக்கு 17 சதவீதம் என்று மாடல் சொல்கிறது. நீங்கள் எண்ணியது 30-உம் 13-உம். இங்கே மாடல் பலனைக் குறைத்துக் காட்டுகிறது. 5 தந்தவர்கள் 12-இலிருந்து 20 சதவீதமாக உயர்வார்கள் என்கிறது மாடல். நீங்கள் எண்ணியது 15-இலிருந்து 17 மட்டுமே. விவசாயிகள் குழு 'மிக நன்று' என்று சொல்லும் வாடிக்கையாளரை நம்பிக் கைப்பறிப்புக்குக் கூடுதல் கூலி கொடுக்கத் திட்டமிடுகிறது என்றால், 1.9 என்ற ஒற்றை எண் அவர்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். புகார் குறைய வேண்டும் என்பதே நோக்கமானால், அதே எண் பலனைச் சற்றுக் குறைத்துச் சொல்கிறது, அவ்வளவே.

வெட்டுக்கு வெட்டு வேறுபட அனுமதிக்கும் மாடலுக்கு, அதாவது `clm`-இல் `nominal = ~ leaf` என்று எழுதுவதற்கு, உடனே தாவ வேண்டாம். இரண்டே குழுக்கள் மட்டும் உள்ள உங்கள் ஆய்வில் அந்த மாடல் மேலே உள்ள அட்டவணையையே திரும்பத் தருமே தவிர, புதிதாக எதுவும் சொல்லாது. AIC-உம் எளிய மாடலுக்கே 1.4 அளவில் சாதகமாக இருக்கிறது. பின்னால் வயது போன்ற தொடர் மாறியைச் சேர்த்து அதற்கும் இந்த விலக்கு அளித்தால், வெட்டுக் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, சில வயதுகளுக்கு நிகழ்தகவு பூஜ்யத்துக்குக் கீழே போகும் சிக்கலும் வரலாம்.

எழுதுமுன் இரண்டைச் சரிபாருங்கள். முதலாவது குறியின் திசை. `clm`-உம் `polr`-உம் கெழுவைக் கழித்து எழுதுவதால், நேர்க்குறி என்றால் மதிப்பெண் உயர்கிறது என்று பொருள். வேறு சில மென்பொருள்களில் அதே தரவு எதிர்க்குறியோடு வரும். இரண்டாவது படிகளின் வரிசை. மதிப்பெண்ணை எண்ணாக இல்லாமல் தமிழ்ச் சொல்லாகத் தட்டச்சு செய்திருந்தால், வரிசையை நீங்களே கொடுக்காதவரை R அகர வரிசையில் அடுக்கி, சுமார், நன்று, மிக நன்று, மிக மோசம், மோசம் என்று ஆக்கிவிடும். மாடல் பிழைச்செய்தி எதுவும் இன்றி ஓடும். விடை மட்டும் பொருளற்றதாக இருக்கும். `summary`-க்கு முன் `levels(d$rating)` என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிக்கைக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

> 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணுக்குப் புரப்போர்ஷனல் ஆட்ஸ் மாடல் பொருத்தப்பட்டது (240 பேர், ஆளுக்கு ஒரு கோப்பை). கத்தரி இலையோடு ஒப்பிடுகையில், கைப்பறிப்புத் தேநீர் உயர்ந்த மதிப்பெண் பெறும் ஆட்ஸ் 1.9 மடங்கு (95% நம்பக இடைவெளி 1.2 – 3.0). நான்கு வெட்டுகளில் தனித்தனியே கணித்த ஆட்ஸ் விகிதங்கள் 3.2, 2.8, 1.8, 1.1; இவற்றின் வேறுபாட்டுக்கான சோதனையில் p = 0.21, ஆனால் வேறுபாட்டை மறுக்கவோ உறுதிசெய்யவோ மாதிரியின் அளவு போதாது. 1 அல்லது 2 தந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தனர். 5 தந்தவர்கள் 15 மற்றும் 17 சதவீதம்.

அனுப்புமுன் எனக்கு ஒன்று சொல்லுங்கள்: ஒரு கெட்டிலில் போட்ட தேநீரை எத்தனை பேருக்கு ஊற்றினீர்கள்? ஒரே கெட்டிலில் குடித்த இருபது பேரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு கெட்டில் அதிகம் கொதித்துவிட்டால் இருபது பேருக்கும் கசக்கும். அப்படியிருந்தால் 0.23 என்ற திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியது, 1.2 முதல் 3.0 வரை என்ற இடைவெளியும் குறுகலானது. கெட்டில் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் `clmm`-இல் `(1 | kettle)` சேர்த்து மீண்டும் ஓட்டி, அந்த இடைவெளியையே அறிக்கையில் இடுங்கள்.