இணையாகாத எலக்ட்ரான்களிலிருந்து காந்தத் திருப்புத்திறன்

அணைவுச் சேர்மத்தின் இணையாகாத d எலக்ட்ரான்களை எண்ணி அதன் காந்தத் திருப்புத்திறனை எப்படிக் கணக்கிடுவது?

எலக்ட்ரானின் தற்சுழற்சி அதை ஒரு நுண்காந்தமாக்குகிறது. ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு சேர்ந்தால் அவை எதிரெதிராகச் சுழன்று ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், இணையாகாதவை மட்டுமே கணக்கில் வரும். அவற்றின் எண்ணிக்கை n எனில், போர் மேக்னட்டான் அலகில்

μ = √(n(n+2))

இரும்பு(III) அயனிக்கு ஐந்து d எலக்ட்ரான்கள். எண்முகி அணைவில் d ஆர்பிட்டால்கள் கீழே மூன்றாகவும் மேலே இரண்டாகவும் பிரிகின்றன. கீழ்த்தளத்தில் மூன்று அறைகளும் மாடியில் இரண்டும் உள்ள வீட்டில், படி எளிதாக இருந்தால் ஐவரும் ஆளுக்கோர் அறை எடுப்பார்கள். படி செங்குத்தாக இருந்தால் கீழேயே இருவர் இருவராக நெருங்கிக்கொள்வார்கள். [FeF6]3- அயனியில் ஃபுளூரைடு வலுக்குறைந்த ஈனி என்பதால் இடைவெளி சிறியது; n = 5, μ = √35 = 5.92. [Fe(CN)6]3- அயனியிலோ சயனைடு வலிமையான ஈனி; கீழே இரண்டு இணைகளும் ஒரு தனி எலக்ட்ரானும் அமைவதால் n = 1, μ = √3 = 1.73.

ஆய்வகத்தில் சயனைடு அணைவுக்குச் சுமார் 2.3 கிடைத்தால் அளவீட்டைச் சந்தேகிக்க வேண்டாம். இச்சூத்திரம் விட்டுவிடும் சுற்றுப்பாதை இயக்கத்தின் பங்கு இங்கே முழுதும் அடங்கிவிடுவதில்லை. ஐந்து எலக்ட்ரான்களில் இணையாகாதவை ஒற்றைப்படை எண்ணிக்கையிலேயே இருக்க முடியும்; n = 3 எனில் 3.87 ஆகவேண்டும் என்பதால், 2.3 இணையாகாத ஒரே எலக்ட்ரானையே சுட்டுகிறது எனலாம்.

ஓர் எலக்ட்ரானுக்கு 1.73 என்றால் ஐந்துக்கு 8.65 என்று பெருக்குவது பலர் செய்யும் பிழை. முதலில் தற்சுழற்சிகளே கூடுகின்றன, வர்க்கமூலம் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்தே வருகிறது.