பளபளக்காத சட்டியாகப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். மண்சட்டியும் கல்சட்டியும் வாங்க ஆசை. பளபளன்னு இருக்கிற சட்டியில் ஈயம் இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பழக்குவது, யாரை நம்புவது?

பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லாப் பளபளப்பும் ஒன்றில்லை. சுடுவதற்கு முன்னால் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வரவைக்கிற மினுமினுப்பு ஒன்று உண்டு. அது மண்ணோடதே, ஒன்றும் செய்யாது. சுட்ட பிறகு அடிக்கிற வார்னிஷ் இரண்டாவது. மூன்றாவது, கண்ணாடி போல உருகி ஒட்டியிருக்கும் கிளேஸ். ஈயப் பேச்சு வருவது இந்த மூன்றாவதில்.

கிளேஸ் உருகுவதற்கு நல்ல சூடு வேண்டும். மண்பாண்டச் சூளையில் அவ்வளவு சூடு ஏறாது. காரீயம் கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் என்பதால்தான் சிலர் அதைச் சேர்க்கிறார்கள். நாமோ அந்தச் சட்டியில் புளிக்குழம்பு வைத்து, மறுநாளைக்கும் அதிலேயே வைத்திருப்போம். புளிப்பு மெல்ல மெல்ல ஈயத்தைக் கரைத்துக் குழம்பில் இறக்கிவிடும். ருசியிலோ நிறத்திலோ ஒன்றும் தெரியாது. நல்ல சூட்டில் சுட்ட ஊறுகாய் ஜாடியும் கிளேஸ்தான், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியது சின்ன வேலை. சட்டியின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெறும் மண் என்றால் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுக்கும். கல் தேய்த்த சட்டியில் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். சொட்டு முத்தாக உருண்டு நின்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறது. நாணயத்தால் சுரண்டினால் வார்னிஷ் உரிந்து வரும், கிளேஸ் வராது. என் சித்தி ஒரு கண்காட்சியில் வாங்கிய பழுப்பு நிறச் சட்டியில் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் பழம் இருந்த இடத்தில் மட்டும் பளபளப்பு செத்து வட்டமாக மங்கியிருந்தது. அந்தச் சட்டியில் இப்போது கற்றாழை வளர்கிறது. ஆனால் மங்கவில்லை என்பதால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதி. அதற்குப் பதில் பூச்சே இல்லாத சட்டியாக வாங்கிவிடலாம்.

கறுப்புச் சட்டி கேட்டால் உடைந்த துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சூளையை மூடிப் புகையில் சுட்டது என்றால் கறுப்பு மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்கும். பெயிண்ட் என்றால் தோல் மாதிரி மேலே மட்டும் இருக்கும்.

சூளை இருக்கிற இடத்தில்தான் உடைந்த துண்டு கிடைக்கும். அதனால்தான் மானாமதுரைக்கே போய்விடுங்கள் என்கிறேன். கண்மாய் மண்ணில் செய்கிற ஊர், கடம் செய்கிற ஊர். 2023-இல் அங்கத்து மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீடு ஊருக்குத்தான். இடையில் ஒரு கடைக்காரர் வார்னிஷ் அடித்தால் அதைத் தடுக்காது. "சுட்ட பெறகு மேல ஏதாச்சும் பூசுவீங்களாண்ணே?" என்று செய்கிறவரிடமே கேளுங்கள். சட்டியை விரல் முட்டியால் தட்டினால் 'டங்'கென்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. விளாச்சேரியில் வாங்குகிற வர்ணம் தீட்டிய பொருள் கொலுவுக்கு, அடுப்புக்கு இல்லை.

பழக்குவது இப்படி. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு முக்கால் சட்டிக்கு வடிகஞ்சி ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம். ஆறிய பிறகு கொட்டிவிட்டு, மறுநாளும் இதையே செய்யுங்கள். கஞ்சி மாவு மண்ணின் நுண்துளைகளை அடைக்கும், கசிவு நிற்கும். அப்புறம் நல்லெண்ணெய் தடவி, ஒரு கைப்பிடி வெங்காயத்தை வதக்கிக் கொட்டிவிட்டால் மண்வாசனை போய்விடும். சோப்பு வேண்டவே வேண்டாம், அந்தத் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கல்சட்டியில் கிளேஸ் கவலை கிடையாது, மாக்கல்லைக் குடைந்தது. கவலை கீறல்தான். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்: மற்ற இடம் காய்ந்த பிறகும் கீறல் கறுப்புக் கோடாக நிற்கும். கறுப்பாக எண்ணெய் பூசி "பழக்கியது" என்று கூடுதல் விலை சொன்னால் நம்பாதீர்கள், எண்ணெய் தடவினாலே மாக்கல் கறுக்கும். சாம்பல் நிறத்தில் இருப்பதையே வாங்கி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து உள்ளும் புறமும் தடவி, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் தினமும் சுடுகஞ்சி ஊற்றி வையுங்கள், ஒரு வாரத்துக்கு. அதற்குப் பிறகுதான் அடுப்பு, அதுவும் சிம்மில், உள்ளே ஏதாவது இருக்கும்போது மட்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் பட்டால் விண்டுவிடும். குழம்பு முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதியைக் கல்லின் சூடே பார்த்துக்கொள்ளும்.