குழுவில் போட்டாச்சு என்றால் எனக்குச் சொன்னதாகுமா?

கேள்வி: வக்கீல் சார், பாலக்காடு மாவட்டம் சித்தூரில் 24 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்டில், இரண்டாவது மாடியில் எனக்குச் சொந்த வீடு. தனியாக இருக்கிறேன், வயது 67. போன மாதம் அசோசியேஷன் செயலாளர் எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். 'இனி தண்ணீர் நிறுத்துவது, திறப்பது பற்றிய அறிவிப்பு வாட்ஸ்ஆப் குழுவில் மட்டுமே வரும். குழுவில் போட்டாலே எல்லோரும் படித்ததாகக் கொள்ளப்படும். பார்க்காததால் வரும் நஷ்டத்துக்கு அசோசியேஷன் பொறுப்பல்ல' என்று அதில் இருந்தது. என்னிடம் இருப்பது பட்டன் போன். மஸ்கட்டில் இருக்கும் என் மகனின் நம்பர்தான் குழுவில் இருக்கிறது. பத்து நாள் முன்பு, தண்ணீர் இல்லாத நேரத்தில் பால்கனிக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமலே தங்கை வீட்டுக்குக் கோவை போய்விட்டேன் போலிருக்கிறது. அன்று இரவு 11.20க்கு, 'காலை 4 மணிக்குத் தண்ணீர் விடுகிறோம், குழாய்களை மூடி வையுங்கள்' என்று குழுவில் மலையாளத்தில் வந்ததாம். தண்ணீர் ஓடி, கீழ் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கும் அலமாரியும் கெட்டுப்போயின. இப்போது 42,000 ரூபாயை என் மெயின்டனன்ஸ் கணக்கில் ஏற்றிவிட்டு, கட்டாவிட்டால் என் வீட்டு வால்வை மூடுவோம் என்கிறார்கள். நான் கட்ட வேண்டுமா?

பதில்: முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுமே கட்ட வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியாது. வால்வை மூட அவர்களுக்கு உரிமை கிடையாது.

முதலில் அந்தக் கடிதம். செயலாளர் தன் கையெழுத்தில் 'படித்ததாகக் கொள்ளப்படும்' என்று எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடாது. உங்களைக் கட்டுப்படுத்துவது பைலா, அதாவது பதிவு செய்யப்பட்ட சங்க விதிமுறைகள். அறிவிப்பை எப்படித் தர வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கும். வீட்டுக்கு எழுத்தில் தருவது, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்றுதான் பெரும்பாலான பைலாக்களில் பார்த்திருக்கிறேன். அதை மாற்றப் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். கேரள அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1983இன் கீழ் வருவதாக உரிமையாளர்கள் எழுதிக் கொடுத்த டிக்ளரேஷன் பதிவான கட்டடம் என்றால், திருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 'நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரிக்கும் இதே கதைதான். நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு விலக்கை ஒருவர் தானே எழுதிக்கொண்டால், தன் அஜாக்கிரதையிலிருந்து அவர் தப்பிக்க முடியாது.

பைலாவின் சான்றிட்ட நகலைப் பாலக்காடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் சித்தூர் (ஆந்திரச் சித்தூர் அல்ல) பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்த ஊர். அதனால் அங்குள்ள சங்கங்கள் 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சங்கச் சட்டத்தின் கீழ் வரும். பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு டவுன் பழைய மலபார் என்பதால் அங்கே 1860ஆம் ஆண்டுச் சட்டம். விண்ணப்பத்தில் சட்டத்தின் பெயரைத் தப்பாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்காகச் சொல்கிறேன். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாமா என்று யோசிக்க வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அசோசியேஷன் அரசு அலுவலகம் இல்லை என்பதால் குழுவில் தமிழில்தான் போட வேண்டும் என்று அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

இனி உங்களுக்குச் சங்கடமான இடம். குழுவில் இருப்பது உங்கள் மகன் நம்பர் என்கிறீர்கள். அதைக் கொடுத்தது யார்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 13ஆம் பிரிவு, மின்னணுச் செய்தி எப்போது 'கிடைத்தது' ஆகும் என்று சொல்கிறது. இந்த இடத்துக்கு அனுப்புங்கள் என்று பெறுபவரே குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அங்கே போய்ச் சேர்ந்த நேரமே கிடைத்த நேரம். அவர் குறித்ததை விட்டு வேறு இடத்துக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்த்த நேரம்தான் கணக்கு. ஆகவே உறுப்பினர் படிவத்தில் 'தொடர்புக்கு' என்ற இடத்தில் மகன் நம்பரை நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால், செய்தி உங்களுக்கு வந்தது என்று அவர்கள் வாதாட ஓரளவு இடம் உண்டு. யாரோ பழைய பட்டியலைப் பார்த்துச் சேர்த்தது என்றால் அந்த வாதம் நிற்காது.

மகனிடம் இன்றே கேளுங்கள், உள்ளதை உள்ளபடி. நம் ஊரில் இரவு 11.20 என்றால் மஸ்கட்டில் 9.50தான். அவர் விழித்திருந்து பார்த்திருக்கலாம். செயலாளர் தன் போனில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து Message info பார்த்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று தெரியும். நீல டிக் வராதபடி ஒருவர் அணைத்து வைத்திருந்தாலும் குழுச் செய்திகளில் அது மறையாது. இது தெரியாமல் 'நான் பார்க்கவே இல்லை' என்று பதில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிறகு கோர்ட்டில் விழித்த ஒரு கட்சிக்காரர் எனக்கு இருந்தார். இந்த விவரம் அனுப்பியவர் போனில் மட்டுமே இருக்கும், அரட்டையை ஏற்றுமதி செய்தால் அதில் வராது. அதனால் அதன் படத்தை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். வழக்கு என்று வந்தால் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

சரி, செய்தி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். காலை 4 மணிக்கு விடும் தண்ணீருக்கு முந்தின இரவு 11.20க்கு எச்சரிக்கை என்பது நியாயமான அவகாசமா? குழுவில் இல்லாத வீடுகள் எவை என்று அவர்களுக்குத் தெரியும். காவலாளியை விட்டுக் கதவைத் தட்டச் சொல்லியிருக்கலாம். பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கலாம். இவற்றில் எதையும் செய்யவில்லை என்றால் அஜாக்கிரதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதே சமயம் ஒன்றை மறக்காதீர்கள். கீழே பலகையில் ஒட்டியிருந்தால் கோவையில் இருந்த உங்களுக்கு அது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. தண்ணீர் நின்றிருக்கும்போது திறந்த குழாயை மூடிவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும் என்பது யாரும் அறிவிப்புக் கொடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. நீதிபதி முதலில் கேட்கப்போவது இதைத்தான். அறிவிப்பு சரியில்லை என்ற வாதம் உங்கள் பங்கைக் குறைக்கும், முழுதாக அழிக்காது.

இதைவிட வலுவான ஒரு கேள்வி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. பால்கனிக் குழாய் இரவெல்லாம் ஓடினாலும் அந்தத் தண்ணீர் தரையில் உள்ள வடிகால் வழியாகக் கீழே போய்விட வேண்டும். ஏன் போகவில்லை? வடிகால் வாயில் உள்ள உங்கள் ஜாலியை ஒரு துணியோ வாளியோ அடைத்திருந்தால் அது உங்கள் தலையில். பல மாடிகளுக்கும் பொதுவாக இறங்கும் குழாய் அடைத்திருந்தால் அது பொதுப் பகுதி, அதைப் பராமரிப்பது அசோசியேஷன் வேலை. உடனே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று வீடியோ எடுங்கள், தேதியோடு அவரிடம் எழுதியும் வாங்குங்கள். யாராவது அடைப்பை எடுத்துவிட்டால் இந்தச் சாட்சியம் போய்விடும்.

அடுத்து, அந்த 42,000. நஷ்டம் பட்டது கீழ் வீட்டுக்காரர். கேட்க வேண்டியவரும் அவர்தான். அசோசியேஷன் அவருக்காக உங்கள் கணக்கில் ஏற்ற முடியாது. நீங்கள் ஒப்புக்கொள்ளாத, எந்த நீதிமன்றமும் முடிவு செய்யாத நஷ்டஈடு கடன் ஆகாது, அதனால் மெயின்டனன்ஸ் பாக்கியும் ஆகாது. வால்வை மூடுவோம் என்பது மிரட்டல்தான். மூடினால் முன்சிஃப் கோர்ட்டில் இடைக்காலத் தடையும், திறந்துவிட உத்தரவும் கேட்கலாம். அதற்கு நீங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். மாதாந்திர மெயின்டனன்ஸை ஒரு நாளும் தள்ளாமல், எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டு வங்கி வழியாகக் கட்டுங்கள். கோபத்தில் அதையும் நிறுத்திவிட்டால் உண்மையான பாக்கியை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகும்.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். சீலிங் 18,000, அலமாரி 21,000, சுத்தம் செய்தது 3,000 என்று பில் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி எட்டு வருடப் பழசு என்றால் புது அலமாரி விலையைக் கேட்க முடியாது, பழைய அலமாரியின் மதிப்பைத்தான் கேட்கலாம். அதை 8,000 என்று எடுத்தால் மொத்தம் 29,000. வடிகால் சரியாக இருந்தது, குற்றம் குழாயில் மட்டும்தான் என்றால், இரவு நேர எச்சரிக்கைக்காக அசோசியேஷன் 40 சதவீதம் ஏற்க, உங்கள் பங்கு 17,400 வரும். இந்தச் சதவீதம் என் அனுபவ மதிப்பீடு, சட்டத்தில் எழுதியது அல்ல. பொதுக் குழாய் அடைப்பு நிரூபணமானால் உங்கள் பங்கு இன்னும் நன்றாக இறங்கும். கீழ் வீட்டுக்காரர் நினைத்தால் உங்கள் இருவர் மேலும் சேர்த்தே வழக்குப் போடலாம் என்பதால், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவது அவருக்கும் லாபம். பேச்சு ஒத்துவராவிட்டால் வழக்குக்கு முன்பே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். அங்கே முடிந்து லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத் தீர்வாகப் பதிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.

செயலாளருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதி, டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

'தங்கள் கடிதத்தில் உள்ள அறிவிப்பு முறை பைலாவுக்கு உட்பட்டதல்ல, நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. என் மகனின் நம்பர் தகவலுக்கு மட்டும். எனக்கான அறிவிப்பை என் வீட்டுக்கு எழுத்திலும், அவசரம் என்றால் என் கைபேசிக்கு அழைத்தும் தரவும். 42,000 ரூபாயை என் கணக்கிலிருந்து நீக்கவும். கீழ் வீட்டாரின் நஷ்டம் பற்றிப் பில்களோடும் வடிகால் ஆய்வோடும் பேச நான் தயார். என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறேன்.'

'நான்தான் குழாயை மூட மறந்தேன், மன்னிக்கவும்' என்று இதில் சேர்த்துவிடாதீர்கள். கீழ் வீட்டம்மாவிடம் அதை நேரில் சொல்லுங்கள்.